இருபத்து நாலும் இருந்துச்சு

அந்த வாரத்தில் அது நான்காவது டெமோ. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவிக் கட்டி நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற பிரிவுக்குப் பக்கத்து அறை. அவள் திரையை மாட்டி முடிக்கும்போதே மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சுவருக்கு அப்பால் ஏதோ ஓர் இயந்திரம் விட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டது. அறைக்குள் ஈர இரும்பும் சோப்பும் கலந்த வாடை.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓர் அறுவை மருத்துவர் பத்தாவது நிமிடம் போன் வந்ததாக எழுந்து போனார். கொள்முதல் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திரைக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு கருவியிலும் ஒரு சின்னக் குறி, அதைப் படிக்க ஒரு ஸ்கேனர், எந்தக் கருவி எந்த மேஜையில் எத்தனை மணிக்கு இருந்தது என்று காட்டும் கணினி. இதைத்தான் அவள் ஏழு வருடமாக விற்கிறாள். வாய் தானாகப் பேசியது. மனம் வேறெங்கோ, ஐந்து நாற்பது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் அந்தப் பிரிவின் பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றார்கள். ஐம்பது நிமிடமும் வாய் திறக்காதவர், கடைசியில் கேள்வி இருக்கிறதா என்று அவள் கேட்டபோது ஒன்றே ஒன்று சொன்னார். அவள் அப்போது ப்ரொஜெக்டரின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க சிஸ்டர், அதுக்கும் நம்மகிட்ட வழி இருக்கு" என்று சிரித்தாள். சிஸ்டர் எழுந்து உள்ளே போனார்.

ஸ்கேனரை ஓட்டிக் காட்ட அவளோடு வந்த டெக்னீஷியனுக்கு ஆபீசில் டார்ச் என்று பெயர். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டார்ச் எப்போதும் இருக்கும். எந்தப் பொருளையும் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். டெமோ முடிந்ததும் அவர் பேக்கிங் மேஜைப் பக்கம் போய், அங்கிருந்த, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கிடுக்கியை எடுத்து வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் இருந்த உயரமான அம்மா, "என்னண்ணே, வைரமா தேடுறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். பேக்கிங் அக்கா என்று பிரிவில் எல்லோரும் கூப்பிடுகிற அவருக்கு அந்த மேஜையில் பத்தொன்பது வருடம்.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை.

டெமோ முடிந்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் கடிதம் போயாக வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம். அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஒவ்வொரு காலையும் வெள்ளைப் பலகையில் யார் பெயருக்கு எதிரே என்ன எண் என்று எழுதுவார். வெள்ளிக்கிழமை காலை அவள் மூன்று கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரிக்கு எழுதியதைத் திறந்தாள். பெயரை மாற்றினாள், தேதியை மாற்றினாள். 'உங்கள் பிரிவில் கருவிகள் அடிக்கடி காணாமல் போவதாகத் தாங்கள் தெரிவித்ததை நினைவில் கொண்டோம்' என்ற வரி அப்படியே நின்றது. அதன் கீழே ஆறு இணைப்புகள், விலைப் பட்டியல், ஒரு வீடியோ, மாத இறுதிவரை சலுகை, பேச வசதியான நேரம் எது, வேறு எந்தப் பிரிவுகளுக்கு அறிமுகப்படுத்தலாம். எல்லாம் ஒரே கடிதத்தில். கொள்முதல் அதிகாரிக்கும் ஒரு நகல் வைத்தாள். அனுப்பிவிட்டு ஒரு டீ குடித்தாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு போன் வந்தது.

"நான் ஸ்டெரிலைசேஷன் சிஸ்டர் பேசறேன்."

"சொல்லுங்க சிஸ்டர்! கடிதம் பாத்தீங்களா?"

"பாத்தேன். எங்ககிட்ட கருவி காணாம போகுதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

குரலில் கோபம் இல்லை.

"இல்ல சிஸ்டர்... அது பொதுவா எல்லா இடத்துலயும்..."

"பொதுவா எழுதல நீங்க. 'தாங்கள் தெரிவித்ததை'ன்னு எழுதியிருக்கீங்க. அதைக் கொள்முதல் சார் படிச்சிட்டு மேல கொண்டுபோயிட்டாரு. ஒரு பிரிவுல சாமான் திருடு போகுது, பொறுப்பாளரே வெளியாளுகிட்ட ஒத்துக்கிட்டாங்கன்னு. சனிக்கிழமையிலேருந்து ஷிப்ட் முடிஞ்சு போறவங்க பையை எல்லாம் வாசல்ல திறந்து பாக்கறாங்க. முதல் ஆளு யாரு தெரியுமா? பேக்கிங் மேஜையில உசரமா ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்க. சோத்து டப்பாவைக்கூடத் திறந்து காட்டச் சொன்னாங்க."

அவள் அனுப்பிய கடிதத்தைத் திரையில் திறந்தாள்.

"போன மாசம் ஒரு கேஸ்ல தப்பான கிடுக்கி போனதுக்கு ஏற்கெனவே அவங்கமேல ஒரு விசாரணை இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நான் பதில் எழுதணும். அதுக்குத்தான் உங்க டெமோவுக்கே வந்தேன். இப்ப திருட்டும் சேந்துருச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏழு வருடப் பழக்கம்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "ஞாபகம் இல்ல."

எதிர்முனையில் அந்த இயந்திரத்தின் பெருமூச்சு கேட்டது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு சிஸ்டர் போனை வைத்தார்.

அவள் போனை மேஜையில் வைத்தாள். கண் எரிந்தது, அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. பிறகு எழுந்து பின்பக்கம் இருந்த சர்வீஸ் அறைக்குப் போனாள். டார்ச் ஒரு ஸ்கேனரைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்திருந்தார்.

"அண்ணே, வியாழக்கிழமை டெமோவுல கடைசியா அந்த சிஸ்டர் ஏதோ சொன்னாங்களே. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எல்லாம் இல்லம்மா. எழுதி வச்சிருக்கேன்." சர்வீஸ் படிவக் கட்டைப் புரட்டி, ஒன்றின் பின்பக்கத்தைக் காட்டினார். கோழி கிளறின மாதிரி எழுத்து. அவரே படித்தார். "'செட்டுல எண்ணிக்கை எப்பவும் சரியா இருக்குங்க. இருபத்து நாலுன்னா இருபத்து நாலும் இருக்கும். ஆனா உள்ள இருக்கறது வேற. அது எங்க மாறுதுன்னுதான் தெரியல.' இதான்."

"இதை ஏன் எழுதினீங்க?"

"நல்ல கேள்வியா இருந்துச்சு. நீ வேற அதுக்கு வழி இருக்குன்னு சொல்லிட்ட. இருக்கான்னு நான் பாக்க வேணாமா? அதான் ஒரு கிடுக்கியை எடுத்துப் பாத்தேன். போன வருஷம் வாங்கின வயித்து அறுவை செட்டு போல. கம்பெனியிலேயே குறி பொறிச்சுதான் அனுப்பியிருக்கான், கடுகு சைசுல ஒரு புள்ளிக் கட்டம். நம்ம ஸ்கேனரு அப்படியே படிக்கும். எந்த வகை, எத்தனை சென்டிமீட்டர், எல்லாம் வரும்."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். டார்ச் ஸ்குரூ ஒன்றைத் தேடுவது போலக் குனிந்தே கேட்டார்.

"சோத்து டப்பாவையா?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

டார்ச் அந்தப் படிவத்தைக் கட்டிலிருந்து கிழித்து அவளிடம் நீட்டினார்.

மாலை வீட்டில் அவள் கணவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் அவருக்கு வேலை. நாள் முழுக்க ஊர்க்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் கத்துவார்கள். அதனாலேயோ என்னவோ வீட்டில் அதிகம் பேசமாட்டார். மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள். அவள் செருப்பைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"மன்னிப்பு கேட்டு எழுதணும். என்ன எழுதறதுன்னுதான் தெரியல."

"அந்தம்மா சொன்னதையே எழுது."

"அது மட்டுமா?"

"எங்க ஜன்னலுக்கு வர்றவன்கிட்ட நான், 'மூணாவது மாடி, அஞ்சு நாளா தண்ணி இல்ல, கீழ் வீட்டுல வருது, அதானே?'ன்னு திருப்பிச் சொல்லுவேன். தண்ணி நான் கொண்டுவரப் போறதில்ல. ஆனா அவன் கத்தறதை நிறுத்திடுவான்." கீரைத் தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "அப்பறம் ஆளு எப்ப வருவாருன்னு ஒரே ஒரு நாள் சொல்லணும். ரெண்டு நாள் சொன்னா ரெண்டு நாளும் நம்பமாட்டான்."

"உங்களுக்கென்ன, ஜன்னலை சாத்திட்டு வந்துடுவீங்க."

"ஆமா, ஜன்னல் சாத்தற நேரம்தான் எனக்கும் நிம்மதி" என்றார் அவர்.

சாப்பிடுவதற்கு முன்பே எழுதிவிடலாம் என்று மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பழைய கடிதம் எதையும் திறக்கவில்லை. வெற்றுப் பக்கத்தில் முதல் வரி எழுத இருபது நிமிடம் ஆனது. முடித்தபோது இப்படி இருந்தது:

'வணக்கம். வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய கடிதத்தில், உங்கள் பிரிவில் கருவிகள் காணாமல் போவதாக நீங்கள் சொன்னதாக எழுதியிருந்தேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. வேறோர் இடத்துக்கு எழுதிய கடிதத்தைச் சரியாகப் பார்க்காமல் மாற்றி அனுப்பியது என் பிழை.

'நீங்கள் சொன்னது இது: செட்டில் எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கிறது, இருபத்து நாலு என்றால் இருபத்து நாலும் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது வேறு, அது எங்கே மாறுகிறது என்று தெரியவில்லை.

'இதற்கு எங்கள் கருவி உதவுமா என்று எனக்கும் இன்னும் தெரியாது. அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, உங்கள் பேக்கிங் மேஜையில், கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு வயிற்று அறுவை செட்டை எங்கள் ஸ்கேனரால் படித்து உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த செட்டின் கருவிகளில் ஏற்கெனவே குறி இருக்கிறது; எதையும் ஒட்டவோ பொருத்தவோ வேண்டாம். அரை மணி நேரம் போதும். தெரியவருவது உங்களிடமே இருக்கும். இந்த நேரம் சரிப்படுமா என்று மட்டும் சொல்லுங்கள்.'

இணைப்பு எதுவும் வைக்கவில்லை.

மறுநாள் காலை மேலாளர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம், இதை அனுப்பாதீங்க."

"ஏன் சார்?"

"தப்புன்னு எழுத்துல ஒத்துக்கறீங்க. போன்ல சாரி சொல்லுங்க, முடிஞ்சு போச்சு. அதுவும் கொள்முதல் ஆளுக்கு நகல் வேற. 'உதவுமான்னு எனக்கும் தெரியாது'ன்னு எந்த சேல்ஸ் லெட்டர்லயாவது படிச்சிருக்கீங்களா? விலைப் பட்டியல் எங்க? வீடியோ எங்க?"

"பொய் எழுத்துல போயிருக்கு சார். நிஜம் போன்ல போனா யாரு நம்புவா? அதைப் படிச்சவங்க எல்லாரும் இதையும் படிக்கணும்."

"இந்த மாசம் உங்க பேருக்கு எதுர முட்டைதான் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார். தினம் அந்தப் பலகையைப் பாத்துட்டுதானே உக்காரறேன்."

அவர் கையை விரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் போய் அனுப்பினாள். சண்டை போட்டு ஜெயித்த மாதிரி இல்லை. மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றின மாதிரிதான் இருந்தது.

செவ்வாய் முழுக்கப் பதில் இல்லை. புதன்கிழமை மாலை ஒரு வரி வந்தது. 'வாருங்கள். இரண்டு மணி, தாமதம் வேண்டாம்.'

வியாழக்கிழமை ஒன்று ஐம்பதுக்கே அவளும் டார்ச்சும் அடித்தளத்தில் நின்றார்கள். உள்ளே போகுமுன் கால் உறை, தலை உறை, மேலங்கி, கை கழுவல் எல்லாம். பேக்கிங் மேஜைக்குப் பின்னால் பேக்கிங் அக்கா நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

அவள் கிட்டே போனாள். "அக்கா, அந்தக் கடிதம் எழுதினது நான்தான்."

"தெரியும்."

"தப்பு என்மேலதான். திருத்தி எழுதிட்டேன், எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன்."

"சிஸ்டர் படிச்சுக் காட்டுனாங்க." நீலத் துணி ஒன்றை விரித்து மூலைகளை இழுத்துவிட்டார். "பத்தொம்போது வருஷத்துல ஒரு ஊசிகூட நான் வெளிய கொண்டுபோனதில்ல. சரி விடுங்க. வந்த வேலையைப் பாருங்க."

கழுவும் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. பேக்கிங் அக்கா எப்போதும் செய்கிற மாதிரியே செய்யட்டும் என்று டார்ச் கேட்டுக்கொண்டார். அவர் கிடுக்கிகளை வரிசையாக அடுக்கினார், வாய் திறந்து மூடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்து நாலு. சுவரில் ஒட்டியிருந்த பட்டியல் நகலுக்கு நகல் எடுத்து வெளுத்துப்போயிருந்தது. அதில் பதினாறா பதினாலா என்று கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். நடுவில் அறுவை அரங்கிலிருந்து போன் வந்தது. செட் எப்போது வரும் என்று யாரோ அதட்டினார்கள். சிஸ்டரே எடுத்து, "பத்து நிமிஷம்" என்று சொல்லி வைத்தார்.

"இப்ப நாங்க பாக்கறோம்" என்றார் டார்ச்.

சிஸ்டரிடமிருந்து மூலப் பட்டியலை வாங்கி அன்று காலையே கணினியில் ஏற்றிவைத்திருந்தார். ஒவ்வொரு கருவியாக ஸ்கேனருக்கு அடியில் காட்டினார். பீப் என்றது ஒவ்வொன்றும். ஒன்றில் மட்டும் குறி மங்கிப்போய்ப் படிக்கவில்லை. அதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கையால் பதிந்தார். பத்தொன்பதாவதில் திரை மஞ்சளானது. இருபத்து இரண்டாவதில் மறுபடி.

"பதினாறு சென்டிமீட்டர் வளைஞ்ச கிடுக்கி ஆறு இருக்கணும். நாலுதான் இருக்கு. பதினாலு சென்டிமீட்டர் நேர்க்கிடுக்கி நாலு இருக்கணும். ஆறு இருக்கு" என்று அவர் வாசித்தார். "மொத்தம் இருபத்து நாலு."

சிஸ்டர் அந்த இரண்டையும் எடுத்துச் சரியானதோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். சேர்த்துப் பிடித்தால் தெரிந்தது. தனியாகப் பார்த்தால், கூட்டத்தோடு படுத்திருக்கையில், லேசான அந்த வளைவும் இரண்டு சென்டிமீட்டரும் யார் கண்ணுக்குத் தெரியும்? "வயித்துக்குள்ள ஆழத்துல ரத்தம் வர்றப்ப டாக்டர் கையை நீட்டறாரு, குட்டை கிடுக்கியைக் கொடுத்தா எட்டாது" என்று மெதுவாகச் சொன்னார். "போன மாசம் அதான் நடந்துச்சு. வேற செட்டு பிரிச்சுதான் சமாளிச்சாங்க."

பேக்கிங் அக்கா தட்டை மறுபடி பார்த்தார். "நான் எண்ணினேனே சிஸ்டர்."

"எண்ணினதுல தப்பு இல்லக்கா. வர்றப்பவே மாறித்தான் வந்திருக்கு."

"அப்ப இது எதோடது?" என்று அவள் கேட்டாள். விற்பதற்காகக் கேட்டதல்ல. சிஸ்டர் கையில் அந்தக் குட்டைக் கிடுக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வாயில் வந்துவிட்டது.

"பிரசவ செட்டுல நேர்க்கிடுக்கி அதிகம்" என்றார் சிஸ்டர். "அதுலயும் இருபத்து நாலுதான்."

நால்வரும் கழுவும் பக்கத்தை ஜன்னல் வழியே பார்த்தார்கள். தடுப்புக்கு அப்பால் கழுவுகிறவர் இயந்திரத்தைத் திறந்து ஆவி பறக்க ஒரு கூடையை வெளியே இழுத்தார். உலர்த்தும் மேஜையில் துணி விரித்துக் கூடையைக் கவிழ்த்தார். குவியலிலிருந்து கருவிகளை எடுத்து இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு என்று பிரிக்கத் தொடங்கினார். உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரே கூடையில ரெண்டு செட்டா?" என்றார் டார்ச்.

சிஸ்டர் இன்டர்காம் பொத்தானை அழுத்தினார். "அண்ணே, ஏன் ரெண்டையும் ஒண்ணா போட்டீங்க?"

"கூடை எங்க சிஸ்டர்?" என்றது கரகரத்த குரல். "எட்டு இருந்துச்சு. அதுல மூணுக்குக் கம்பி விட்டுப்போச்சு, ரிப்பேருக்குப் போனது வரவே இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல அவசரம்னு கத்தறாங்க. ஒண்ணா போட்டு இருபத்து நாலு இருபத்து நாலா எண்ணிப் பிரிச்சுடறேன். ஒண்ணும் குறையறதில்லையே."

சிஸ்டர் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார்.

கூடை இருந்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டார்ச்சுக்கும் புரிந்தது, அவர் அவளைப் பார்க்காமல் ஸ்கேனரின் கம்பியைச் சுருட்டினார். இப்போது அவள் சொல்ல வேண்டிய பேச்சு அவளுக்கு மனப்பாடம்: 'பாத்தீங்களா சிஸ்டர், எங்க சிஸ்டம் இருந்தா இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.' அதில் பொய்யும் இல்லை. பலகையில் அவள் பெயருக்கு எதிரே இருந்த முட்டை கண்முன் வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் வந்தது. சோத்து டப்பாவும் வந்தது.

"சிஸ்டர்" என்றாள், "உங்களுக்கு முதல்ல வேணுங்கறது எங்க சாமான் இல்ல. கூடை. ஒரு செட்டுக்கு ஒரு கூடை, மேல ஒரு பெயர்த் தகடு. அப்பறம் அந்தப் பட்டியலைப் புதுசா பெரிய எழுத்துல ஒட்டுங்க. அதுக்கு மேலயும் மாறுச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க."

சிஸ்டர் திரும்பி முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "உங்க மேலாளருக்கு இது தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"தெரிஞ்சா?"

"திட்டுவாரு. திட்டினா கேட்டுக்கறது. புதுசா என்ன?"

பேக்கிங் அக்கா அந்த இரண்டு குட்டைக் கிடுக்கிகளையும் எடுத்துத் தனித்தட்டில் வைத்து, சரியான இரண்டையும் பக்கத்தில் இருந்த பிரசவ செட்டின் தட்டிலிருந்து எடுத்து அடுக்கி, மறுபடி எண்ணினார். இந்தத் தடவை ஒவ்வொன்றின் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே.

அன்றே திரும்பி வந்து அவள் கடிதம் எழுதினாள்; இது கடினமாக இல்லை. என்ன பார்த்தோம், எத்தனை கருவி மாறியிருந்தது, எந்த இடத்தில் மாறியது. கூடைப் பற்றாக்குறை என்று கழுவுகிறவர் சொன்னதை அவர் சொன்னபடி. அடுத்து ஒன்றே ஒன்று: கூடைகள் வந்து நான்கு வாரம் கழித்து, எத்தனை செட்டில் மாறியது என்ற எண்ணை எனக்குச் சொல்லுங்கள். கொள்முதல் அதிகாரிக்கு மறக்காமல் நகல் வைத்தாள். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு சிஸ்டர் எழுதிய பதிலோடு அந்தக் கடிதமும் இணைந்து மேலே போனது என்று பின்னால் தெரியவந்தது.

மேலாளர் திட்டினார். கத்தவில்லை, அப்படித் திட்டும்போதுதான் அதிக நேரம் பிடிக்கும். "கூடை விக்கிற கம்பெனிக்கா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் பலகையின் ஓரத்துக்கு, 'பிறகு' என்ற கட்டத்துக்கு நகர்த்தினார். அந்த மாதம் அவள் பெயருக்கு எதிரே முட்டைதான் நின்றது. அடுத்த மாதம் வேறொரு இடத்தில் சின்னதாக ஒன்று கிடைத்தது, முட்டை அழிந்தது. டெமோக்கள் தொடர்ந்தன. கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் அவள் கம்பி சுருட்டுவதை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கப் பழகியிருந்தாள். அதனால் ஐந்து நாற்பது பஸ் அடிக்கடி தவறியது.

ஏழு வாரம் போன பிறகு ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் வந்தது.

"சிஸ்டர் பேசறேன். எண் கேட்டிருந்தீங்களே."

"சொல்லுங்க சிஸ்டர்."

"கூடை வர மூணு வாரம் ஆயிடுச்சு. அதுக்கப்பறம் நாலு வாரம் பாத்தேன். முன்னாடி மாசத்துக்கு ஆறேழு செட்டுல மாறும். இந்த நாலு வாரத்துல ரெண்டு."

"நல்லது சிஸ்டர்."

"அந்த ரெண்டு எங்க மாறுச்சுன்னு தெரியல. கூடையில இல்ல, நானே நின்னு பாத்தேன். தியேட்டர்லயே மாறுதான்னு சந்தேகம். இதை உங்க மெஷின் கண்டுபிடிக்குமா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"தியேட்டர்லேருந்து திரும்பி வர்றப்ப ஒரு தடவை படிச்சா, உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி மாறுச்சா, வந்தப்பறம் மாறுச்சான்னு தெரியும். எந்தக் கைன்னு தெரியாது. அதை உங்க முன்னாலயே ஒரு வாரம் செஞ்சு பாக்கலாம்."

"செவ்வாய்க்கிழமை வாங்க. கொள்முதல் சாரும் இருப்பாரு. இந்தத் தடவை அவரே கேட்டாரு."

"சரிங்க சிஸ்டர்." அவள் தயங்கினாள். "பேக்கிங் அக்கா எப்படி இருக்காங்க?"

"விசாரணை முடிஞ்சுது. அவங்கமேல ஒண்ணும் இல்லன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. பை திறந்து பாக்கறதும் நின்னுருச்சு."

"அப்பாடா."

"ஆனா அவங்க இங்க இல்லம்மா. துணிப் பிரிவுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அந்த வாசல் வழியா இனிமே போகப் பிடிக்கலன்னாங்க. துணிப் பிரிவுக்கு வேற வாசல்."

பஸ் வந்து நின்றது. முன்னால் நின்றவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் ஏறவில்லை.

"இருக்கீங்களா?" என்றார் சிஸ்டர்.

"இருக்கேன் சிஸ்டர். துணிப் பிரிவு எந்தப் பக்கம்?"

"பின்னால, கொடிக்கம்பி கட்டின முற்றம் தாண்டி. ஏன்?"

"செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சீக்கிரமா வர்றேன். அவங்களைப் பாத்துட்டு உங்ககிட்ட வர்றேன்."

"அவங்க பேசுவாங்களான்னு தெரியல."

"பரவால்ல சிஸ்டர்" என்றாள் அவள்.

பஸ் புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. அடுத்தது வர இருபது நிமிடம். நிறுத்தத்தில் உட்காரும் பலகையில் இப்போது இடம் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.